பத்து விரலுக்கும் பதில்

நான் கிளார்க்காக இருந்த காரைக்கால் தந்தி ஆபீஸில் டெலிபிரிண்டர் அடித்த மங்கையர்க்கரசிக்கு மூளை பிசகு என்றுதான் முதலில் நினைத்தேன். கோவில்பத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். வேலை ஓய்ந்தால் பத்து விரலாலும் கட்டைகளை வாரி அடிப்பாள். இங்கே அடிப்பது பாண்டிச்சேரி மெஷினில் அப்படியே அச்சாகும். அங்கே இருந்தவள் அவளோடு பயிற்சி பெற்ற ஞானசௌந்தரி. அங்கிருந்தும் ASDJFKLASKDJFL என்று வந்து விழும்.

"லைன் கெட்டுப்போச்சா?" என்றேன்.

"லைன் கெட்டா நம்பரும் குறியுமா கலந்து வருங்க. இது கையால அடிச்சது. பாருங்க, எல்லாம் நடுவரிசை எழுத்து. அவளுக்கு ஏதோ சந்தோஷம், என்னன்னு இனிமேதான் சொல்லுவா."

"நீ ஏன் அடிக்கிறே?"

"பதிலுக்கு அதே அளவு அடிக்கணுங்க. 'சரி, சந்தோஷம்'னு எழுதினா அவ மூஞ்சி தொங்கிடும். ஆனா ஒண்ணு, சந்தோஷம்னா விட்டு விட்டு மறுபடி வரும். அதிர்ச்சின்னா ஒரே ஒரு தடவை வாரி அடிப்பா, அப்புறம் கை நின்னுடும். அப்போ திருப்பி அடிக்கக் கூடாது. 'என்னடி'ன்னு கேட்டுட்டுக் காத்திருக்கணும்."

இவ்வளவு தெரிந்தவள்தான் அன்று தவறினாள்.

எண்பத்து மூன்றாம் வருடம். சௌந்தரியின் அப்பா திருமலைராயன்பட்டினத்தில் படுக்கையில் கிடந்தார். அவரோடு இருக்கக் காரைக்காலுக்கு மாற்றல் கேட்டிருந்தாள். உத்தரவு அன்று வரும் என்று இருவருக்குள்ளும் பேச்சு. மங்கை வந்து உட்காரும்போது, ஊருக்குப் புதிதாக வந்த இன்னொரு ஆபரேட்டர் தெட்சிணாமூர்த்தி ஏதோ தந்தியை அனுப்பிவிட்டு டீ குடிக்க எழுந்து போனார். உடனே மெஷின் துடித்தது.

ASKDJFLK.

அவ்வளவுதான். மங்கை நிற்கவில்லை. ஒரு வரி முழுக்க வாரி அடித்தாள். மூச்சு வாங்க இன்னொரு வரி. அப்புறம், VAADI VAA, UNAKKU NAARKAALI POTTACHU.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

சிரித்துக்கொண்டே காகிதத்தை மேலே உருட்டினாள். தன் வரிகளுக்கு மேலே அந்த எட்டு எழுத்து. அதற்கும் மேலே தெட்சிணாமூர்த்தி அனுப்பிய தந்தி. பெறுநர் ஞானசௌந்தரி. அப்பா காலமானார், உடனே புறப்படவும்.

தன் அண்ணன் இங்கே வந்து கொடுத்த தந்தியை ஒவ்வொரு எழுத்தாகத் தன் மெஷினிலேயே வாங்கியிருக்கிறாள் அந்தப் பெண். அந்த எட்டு எழுத்தில் அலறினாள். நாங்கள் வாழ்த்தினோம்.

மங்கை THERIYAADHUDI என்று அடித்தாள். லீவு சொல்லக்கூட நிற்காமல் பட்டினத்துக்குப் பஸ் ஏறினாள். மனம் கேட்காமல் நானும் பின்னால் போனேன்.

பிற்பகலில் சௌந்தரி வந்து இறங்கினாள். சாவு வீட்டு வாசலில் மங்கையைப் பார்த்ததும் நேரே வந்து, பத்து விரலாலும் அவள் தோளில், மார்பில், கன்னத்தில் மாறி மாறி அடித்தாள்.

மங்கை கையைத் தூக்கவில்லை. அந்தக் கை தானாக ஓயும்வரை அப்படியே நின்றாள்.

பிறகுதான் கேட்டாள். "என்னடி?"

"எங்க அப்பாடி..." என்று அவள்மேலேயே சரிந்தாள் சௌந்தரி.