கழற்றக்கூடிய மின்கலம் ஒன்று

போர்க்காலத்தின் பிற்பகுதியில், ஓய்வுபெற இன்னும் பதினெட்டு மாதங்கள் இருந்தபோது, நான் ஒரு மின்சாரச் சைக்கிள் வாங்கினேன். ஆசைப்பட்டு வாங்கவில்லை. அந்த ஆண்டின் தொடக்கத்தில் நெஞ்சு ஒருமுறை எச்சரித்துவிட்டது. சைக்கிள் மிதித்து மேடேறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீடு உப்புவெளியில். நான் வேலைசெய்யும் அரச கந்தோர் உவர்மலையில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி. நடுவில் நாலரைக் கிலோமீற்றர். நாலு சமதரை, மிச்சம் ஏற்றம். பஸ் வந்தால் வரும். வந்தாலும் வழியிலுள்ள இராணுவக் காவலரணில் எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டு அப்பால் ஏற்றும். ஓட்டோக்காரர்கள் பெற்றோல் கிடைத்த நாட்களில் மட்டும் மனிதர்களை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

நான் அங்கே பிரதம இலிகிதர், எழுத்துவேலைக்காரர் எல்லோருக்கும் மேலாள். எட்டரை தாண்டிச் சில நிமிடங்களில் வரவுப் பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்பது என் கடமை. அதற்குக் கீழே கையெழுத்திட்டால் பிந்தியவர். மூன்று முறை பிந்தினால் அரைநாள் லீவு போகும். என்னுடைய லீவெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தீர்ந்திருந்தது. இனி ஒரு முழுநாள் குறைந்தால் என் சேவைக் கடதாசிகளின் கோவை மருத்துவச் சபைக்குப் போகும், வேலைக்குத் தகுதியில்லை என்று சபை என்னை வீட்டுக்கு அனுப்பும். அறுபது வயதுவரை அந்தக் கதிரையில் இருப்பது என்று நான் முடிவுசெய்திருந்தேன். வேறு பெரிய இலட்சியம் எதுவும் என்னிடம் இருக்கவில்லை.

பெரிய கடைத்தெருவில் ஒரு சைக்கிள் கடை முதலாளி கொழும்பிலிருந்து இரண்டு மின்சாரச் சைக்கிள்களைக் கொண்டுவந்து வைத்திருந்தார். கிண்ணியாக்காரர். நான் ஃபூல்ஸ்கப் தாளில் கோடுபோட்டுக்கொண்டு போனதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“என்ன சேர், டெண்டர் போர்டா?”

“ஓம் முதலாளி. இரண்டு விண்ணப்பதாரர். தகுதியானவரைத் தெரிவுசெய்யப் போறன்.”

“அப்ப லஞ்சம் வாங்காமத் தெரிவுசெய்யுங்க. ரெண்டும் என்ட புள்ளைகள்தான்.”

முதலாவதற்குப் பின்சில்லின் நடுக்குடத்துக்குள்ளேயே மோட்டர் இருந்தது. சத்தமில்லை, வெளியே தேய எதுவுமில்லை. ஆனால் பின்சில்லில் காற்றுப் போனால் வயர்களைக் கழற்றித்தான் சில்லை எடுக்கவேண்டும்; தெருவோர ஒட்டுக்காரர் எவரும் அதில் கைவைக்க மாட்டார். முப்பத்தாறு வோல்ற், பன்னிரண்டு அம்பியர் மணி. மூன்று ஈய பற்றரிகளைச் சட்டத்துக்குள் வைத்துப் பூட்டாணியால் இறுக்கியிருந்தார்கள். மொத்தம் நாற்பது கிலோ. இரண்டாவதில் மோட்டர் பெடலடியில் இருந்து செயினை இழுத்தது. ஆகவே சைக்கிளின் கியரை மோட்டரும் பாவிக்கும். கொஞ்சம் இரையும், செயின் கெதியாய்த் தேயும். இருபத்துநாலு வோல்ற், பத்து அம்பியர் மணி. கைபிடி வைத்த பெட்டிக்குள் இரண்டு பற்றரிகள். சாவியைத் திருப்பினால் பெட்டி கையோடு வரும். மொத்தம் இருபத்தேழு கிலோ, பெட்டி மட்டும் ஏழு.

வோல்ற்றையும் அம்பியர் மணியையும் பெருக்கினேன். நானூற்று முப்பத்திரண்டு, இருநூற்று நாற்பது. மெல்ல மிதித்துக்கொண்டு ஓடினால் கிலோமீற்றருக்குப் பத்து, பன்னிரண்டு போகும் என்றார் முதலாளி. போய்வர ஒன்பது கிலோமீற்றர். ஈய பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கி இறக்கிப் பாவித்தால் அதன் ஆயுள் போய்விடும். இருநூற்று நாற்பதில் பாதி நூற்றிருபது. மயிரிழையில் போதும். பெரியது இரண்டு நாளைக்குப் போதும்.

“பெரிசை எடுங்க சேர். கரண்ட் இல்லாத நாளைக்கும் ஓடும்.”

“முதலில் மேட்டில ஓட்டிப் பார்ப்பம்.”

கடைப் பெடியனை அனுப்பாமல் முதலாளியே கூட வந்தார். உவர்மலை ஏற்றத்தில் பெரியது பாதியில் மூச்சுவாங்கியது. மோட்டருக்குக் கியர் இல்லை. வேகம் குறையக் குறையப் பற்றரியைக் குடித்தது. கைபிடியிலிருந்த பச்சை விளக்கு சிவப்பானது. குடத்தைத் தொட்டுப் பார்த்தால் சுட்டது. சின்னது சிறிய கியரில், பென்சன் எடுக்கப் போகும் கிழவரைப்போல, நிதானமாக ஏறி முடித்தது.

மீதி இருந்தது களவு. அந்தக் காலத்தில் சைக்கிளைவிடப் பற்றரிக்குத்தான் கிராக்கி. கரண்ட் இல்லாத வீடுகளில் லைட்டும் ரேடியோவும் அதில்தான். காவலரண்களுக்கு அப்பால் உள்ள ஊர்களுக்குப் பற்றரி போகத் தடை. தடை இருந்தால் விலையும் இருக்கும். பெரிய சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓட ஏலாது, ஆனால் ஒரு ஸ்பானரோடு வருபவன் பத்து நிமிடத்தில் பற்றரியை எடுத்துவிடுவான். சின்னதில் பெட்டியை நானே கழற்றி மேசைக்குக் கீழே வைக்கலாம். பற்றரி இல்லாத சைக்கிளை எவன் திருடுவான்? காவலரணில் மண்மூட்டைகளுக்கு நடுவே சைக்கிளைத் தூக்கித் திருப்பவும் வேண்டும். நாற்பது கிலோவை என் நெஞ்சு அனுமதிக்காது. தாளில் சின்னது வென்றது.

இதுவரை நான் செய்ததெல்லாம் சரி. இன்றைக்கும் அதே தாளைத் தந்தால் அதே சைக்கிளைத்தான் எடுப்பேன்.

புறப்படும்போது, “இதுக்குப் பதிவு ஏதும் வேணுமோ?” என்று கேட்டேன்.

“ஆரும் கேக்கல்ல சேர். நீங்களும் கேக்காதீங்க. கேக்காத வரைக்கும் இது சைக்கிள்தான்.”

முப்பத்தைந்து ஆண்டு அரச சேவையில் இருந்த ஒருவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? அன்றைக்கே படைமுகாமுக்கு, பாதுகாப்பு அனுமதிக் கடிதம் கேட்டு விண்ணப்பம் எழுதினேன். சட்டக இலக்கம், மோட்டர் இலக்கம், நிறம் எல்லாம் கொடுத்தேன். பெட்டி கழன்று வரும் என்பதை மறைப்பது நேர்மையல்ல என்று பட்டது. “இணைப்பு: கழற்றக்கூடிய மின்கலம் ஒன்று” என்று தனி வரியாகச் சேர்த்தேன். அடியில், பழக்கதோஷத்தில், “பிரதிகள்: வீதியிலுள்ள சகல காவலரண்களுக்கும், தகவலுக்காக” என்றும் எழுதினேன்.

மனைவி தேநீரோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, கேட்டவைக்குக் காட்டினாப் போதாதோ? ஏன் ஊரெல்லாம் கலியாணக் காட் அனுப்புறியள்?”

“உமக்கு இந்த நடைமுறை விளங்காது.”

“ஓம், எனக்கு விளங்காதுதான். சந்தைக்குப் போறது வாறது மட்டும்தான் விளங்கும்.”

கடிதம் வருமுன் பத்து நாள் கழிந்தது. அந்தப் பத்து நாளும் சொர்க்கம். இறங்கி, தள்ளி, அடையாள அட்டையைக் காட்டி, மறுபடி ஏறிப் போனேன். காவலரணில் நின்ற இளம் சிப்பாய், “ஐயா, மோட்டர் சைக்கிளா, பொம்மையா?” என்று அரைத் தமிழில் கேட்டுச் சிரிப்பான். ஒருநாள் கெஞ்சி வாங்கி, மண்மூட்டையைச் சுற்றி ஒரு வட்டம் ஓடிப் பார்த்தான். எட்டு இருபதுக்கே கதிரையில் இருந்தேன். வியர்வைகூட இல்லை.

பதினோராம் நாள் கடிதத்தின் பிரதி காவலரணுக்கும் வந்துசேர்ந்தது. அதே சிப்பாய், ஆனால் சிரிப்பு இல்லை. தாளை இரண்டு முறை பார்த்தான்.

“சைக்கிள் ஓகே ஐயா. பற்றரி வேற. பற்றரி கொண்டுபோனா புத்தகத்தில எழுதோணும். பெரியவர் சைன் வைக்கோணும்.”

“நேற்றும் இதே பற்றரிதானே தம்பி?”

“நேற்று சைக்கிள். இண்டைக்குக் கடதாசியில ரெண்டு சாமான்.”

அவன் பிழை ஒன்றும் சொல்லவில்லை. தனிப் பற்றரி கொண்டுசெல்வதற்கான கட்டளையை நான் பிறகு வாசித்தேன். அவனுடைய இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். சட்டத்தோடு பூட்டியிருந்தால் அது வாகனத்தின் உறுப்பு. தனி வரியில் எழுதியதால் அது பொருள். கையெழுத்து வைக்கும் பெரியவர் எட்டே முக்காலுக்கு முன் வருவதில்லை.

அன்று நான் கந்தோருக்குள் நுழைந்தபோது ஒன்பது தாண்டிவிட்டது. நான் இல்லாத நாளில் கோட்டை இழுப்பது என்னிடம் வேலை பழகிய இலிகிதப் பிள்ளை. பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

“சேர், நான் இழுக்காமல் விட்டிருப்பன். ஆனால் நீங்கள்தானே சொன்னனீங்கள், ஆளைப் பார்த்துக் கோடு போடக்கூடாதெண்டு.”

“சரியாத்தான் செய்தனீர்.”

கோட்டுக்குக் கீழே கையெழுத்திட்டேன். மறுநாளும், அதற்கடுத்த நாளும். பற்றரியை வீட்டில் விட்டுவிட்டு ஒருநாள் வந்தேன். இருபது கிலோ இரும்பை மிதித்து ஏற்றத்தின் அடிவரை வந்து, ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றேன். அதைத் திரும்பச் செய்யவில்லை.

முதலாளியிடம் போனேன். அவர் கடிதத்தை வாசிக்கவில்லை, என் முகத்தை வாசித்தார்.

“கேட்டுட்டீங்களா சேர்?”

“பெட்டியைச் சட்டத்தோட ஒட்டிவிடும்.”

“வெல்டிங்கா? பற்றரிக்குப் பக்கத்தில நெருப்பா? பெட்டியைக் கழற்றி வெச்சிட்டுச் சட்டத்தில ரெண்டு காது ஒட்டுவம். பொறகு பெட்டியை வெச்சுப் பூட்டாணி போட்டுத் தலையை அடிச்சு விடுவம். ஆராலயும் கழட்டேலா.”

அப்படியே செய்தார். நான் திருத்தம் கோரி விண்ணப்பித்தேன்: “கழற்றக்கூடிய மின்கலம் ஒன்று” என்பதை நீக்கும்படி. ஒரு கிழமையில் பதில் வந்தது. மூலக் கடிதத்தை ஒப்படைக்க வேண்டும். கழற்றக்கூடியதாக இருந்த மின்கலம் எவ்வாறு, எக்காரணத்துக்காகக் கழற்ற முடியாததாக மாற்றப்பட்டது என்று விளக்கம் தரவேண்டும். அதுவரை பொருளைக் காவலரணில் சமர்ப்பிக்க வேண்டும். பிழையற்ற கடிதம். நானே வரைந்திருந்தாலும் ஒரு சொல்லை மாற்றியிருக்க மாட்டேன்.

பற்றரியை மட்டும் சமர்ப்பிக்க இனி வழியில்லை. சைக்கிளோடு சமர்ப்பித்தேன். காவலரணின் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்த இளம் சிப்பாய் ஆசனத்தின் மேல் ஒரு சாக்கைப் போட்டான். இரக்கத்தினால் போட்டிருக்கலாம்.

என் விளக்கம் மூன்று பக்கம் போனது. பிறகு நான் பஸ்ஸில் போனேன், இறங்கி நடந்தேன், மேடேறினேன், பிந்தினேன். ஆறாவது கோட்டோடு முழுநாள் லீவும் போனது; பணிப்பாளர் கூப்பிட்டார். நல்ல மனிதர், கதிரை காட்டினார்.

“ஐயா, நான் ஒண்டும் செய்ய ஏலாமல் இருக்குது. கோவையை நீங்களே தயாரிச்சால் மரியாதையா இருக்கும்.”

நானே தயாரித்தேன். மருத்துவச் சபைக்குப் போக வேண்டிய படிவங்களை என்னைவிட நன்றாக அந்தக் கட்டடத்தில் எவரும் நிரப்பியதில்லை. ஒரு கேள்விகூடத் திரும்பி வரவில்லை. அறுபதுக்குப் பதினைந்து மாதங்கள் இருக்கையில் வீட்டுக்கு வந்தேன். என் கதிரையில் அந்தப் பிள்ளை அமர்ந்தாள், தகுதியான தெரிவு.

வீட்டில் இரண்டு மாதம் இருந்தபின் அனுமதி திருத்தப்பட்டது என்று கடிதம் வந்தது. “மின்சாரச் சைக்கிள் ஒன்று” என்று மட்டும் இருந்தது. காவலரணுக்கு நடந்து போனேன். இளம் சிப்பாயைக் காணவில்லை; மாற்றலாகிப் போயிருக்கலாம், வேறு ஏதாவதும் நடந்திருக்கலாம். கேட்கவில்லை. சாவியைத் திருப்பினேன். விளக்கு எரியவில்லை. ஈய பற்றரியைச் சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் விட்டால் அது உள்ளேயே செத்துவிடும். கழற்றிக் கொண்டுபோய் உயிர்கொடுத்துப் பார்க்கவும் வழியில்லை.

புதிதாய் வந்தவன் ஒரு தாளை நீட்டினான். “நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்” என்று மூன்று மொழியிலும் அச்சடித்திருந்தது.

“பற்றரி செத்துப் போச்சுது தம்பி. அப்பிடி எழுதிப்போட்டு எடுக்கலாமோ?”

“எழுதினா, இன்ஸ்பெக்சன் வரணும் ஐயா. வரும்வரைக்கும் சைக்கிள் இங்க நிக்கும்.”

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. முப்பத்தைந்து ஆண்டில் உண்மையல்லாத ஒரு வரிக்குக் கீழே நான் கையெழுத்திட்டதில்லை. பேனாவை வாங்கி, முழுப் பெயரும் எழுதி, திகதியும் இட்டேன்.