வெறும் பெயர்

ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் காசிராஜன் குமாஸ்தா. அவன் அம்மா சண்முகத்தாய்க்கு அங்கேயே நூல் சுற்றும் வேலை. 1987-இல் சாப்பாட்டு இடைவேளை குறித்து நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தை நடந்தபோது, தொழிலாளர் பக்கம் அவளும் உட்கார்ந்து பேசினாள்.

அந்தப் பேச்சுவார்த்தைக்கு நிர்வாகம் எழுதிய ஆங்கிலக் குறிப்பில் எல்லார் பெயருக்கு முன்னாலும் மரியாதை ஒன்றுபோல இருந்தது. அறிவிப்புப் பலகைக்கான தமிழ்ச் சுருக்கத்தை எழுதியவன் காசிராஜன். முதலாளிக்கும் மேனேஜருக்கும் 'திரு', 'அவர்கள்' என்று தாராளமாகப் போட்டான். தொழிலாளிகளுக்கு வெறும் பெயர். ஆலை வழக்கம் அது. அம்மா பெயரில் பேனா நின்றது. அவளுக்கு மட்டும் போட்டால் ஊர் சிரிக்கும். எல்லாருக்கும் போட்டால் மேனேஜர் குதிப்பார். பாழாய்ப்போன பயம்! 'சண்முகத்தாய் கூறினார்' என்று எழுதி முடித்தான்.

எழுத்தறியாத அம்மா, பலகையைப் பிறர் வாசிக்கக் கேட்டிருக்கிறாள். அன்று சோறு போடும்போது கேட்டாள்:

"ஏய்யா, எனக்கும் நாற்காலி போட்டுத்தான பேசச் சொன்னாவ?"

அவன் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

பத்து வருஷம் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் அச்சகத்தில் ஒரு தாளை நீட்டினான். 'திருமதி சண்முகத்தாய் அவர்கள்' என்று முத்துமுத்தாக எழுதியிருந்தது.

"என்ன விசேஷத்துக்கு அண்ணாச்சி?" என்றார் அச்சகக்காரர்.

"கருமாதிக்கு" என்றான் காசிராஜன்.