பிரிச்சக்கா வரைய மறுத்த குழாய்

விளம்பர நிறுவனத்தில் அவளுக்குப் பெயர் பிரிச்சக்கா. எதைக் கொடுத்தாலும் பிரித்து மேய்ந்துவிடுவாள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். அவள் வேலையும் அதுதான். மிக்சியின் மூடி தனியாக, மோட்டார் தனியாக, பிளேடு தனியாக அந்தரத்தில் மிதப்பதுபோல் விளம்பரங்களில் காட்டுவார்களே, அந்தப் படங்களைக் கணினியில் செய்பவள் அவள். பொருளைத் தயாரிக்கும் கம்பெனி வடிவமைப்புக் கோப்பை அனுப்பும். அதிலிருக்கும் பாகங்களைப் பூட்டிய வரிசை மாறாமல் ஒரே நேர்க்கோட்டில் விலக்கி வைப்பாள். வாஷர், ஸ்க்ரூ போன்ற சில்லறைகளை மறைப்பாள். பார்ப்பவர் கண் எந்தப் பாகத்தில் நிற்கவேண்டுமோ அதற்கு மட்டும் சற்றுக் கூடுதல் இடைவெளியும் வெளிச்சமும் கொடுப்பாள்.

மற்றவர்கள் கோப்பைத் திறந்ததும் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். அவளுக்கோ நிஜப்பொருளை ஒருமுறை ஸ்க்ரூடிரைவரால் கழற்றிப் பார்க்காமல் கை ஓடாது.

அந்தத் தடவை வந்தது தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம். முந்தின வருடமும் அதே மாடலுக்கு அவள்தான் படம் செய்தாள். மாதிரிப்பொருள் கைக்கு வராததால் அன்று கோப்பை மட்டும் நம்பியிருந்தாள். இப்போது பெட்டியோடு வந்திருந்தது. மேசைமேல் செய்தித்தாளை விரித்துக் கழற்றினாள். மண்வடிகட்டி, கரி வடிகட்டி, சவ்வுக் குழல் எல்லாம் கோப்பில் உள்ளபடியே வந்தன. கடைசியில் யூவி, அதாவது புறஊதாக் கதிர் விளக்கு வரவேண்டும். கோப்பில் அது எஃகுக் குழாய். உள்ளே கண்ணாடி உறை, அதற்குள் கிருமியைக் கொல்லும் விளக்கு. அந்தக் கதிர் கண்ணில் படக்கூடாது என்றுதான் எஃகுக்குள் அடைப்பார்கள். இயந்திரத்தில் இருந்ததோ சும்மா ஒரு பிளாஸ்டிக் குழாய். அதன்மேல் நீலநிறக் குட்டி பல்பு ஒன்றைப் பசைபோட்டு ஒட்டியிருந்தார்கள்.

கம்பெனி இன்ஜினியருக்குப் போன் செய்தாள்.

"சார், யூவி விளக்கையே காணோமே?"

"இந்த லாட்ல அது இல்ல மேடம். நீலமா லைட் எரியுதுல்ல? ஜனங்க அதத்தான் பாக்குறாங்க."

"அப்ப படத்துல?"

"படத்துல கண்டிப்பா வரணும். நடுவுல, நல்லா பளிச்சுனு."

போனை வைத்ததும் நினைவு வந்தது: அவள் செய்த படத்தைப் பார்த்துத்தான் அவளுடைய அக்கா அதே இயந்திரத்தை வாங்கியிருந்தாள்.

மாலையில் நேரே அக்கா வீட்டுக்குப் போய்ச் சமையலறைச் சுவரிலிருந்து இயந்திரத்தை இறக்கினாள். அதே பிளாஸ்டிக் குழாய். அதே நீல பல்பு. குழாயின் உட்புறத்தை விரலால் வழித்தபோது மூக்குச்சளி மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் விரலின் நாற்றம் போனதாகத் தோன்றவில்லை.

"உன் படத்துல அவ்ளோ பெரிய விளக்கு இருந்துச்சேடி?" என்றாள் அக்கா.

"இருந்துச்சு. நான்தான் வச்சேன்."

சொல்லும்போதே அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் படத்தை முடித்துக் கொடுத்தாள். ஒவ்வொரு பாகமும் அழகாக மிதந்தது. யூவி விளக்கு இருக்கவேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் குழாய், பக்கத்தில் நீல பல்பு, ஒட்டிய இடத்தில் வழிந்த பசை உட்பட. மேலாளர் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"ஏம்மா, இது விளம்பரமா, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டா?"

"உள்ள இருக்கறதத்தான் சார் காட்டியிருக்கேன்."

"இல்லாதத நீ வைக்க வேணாம். விளக்கு கோப்புலயே இருக்கு. எடுத்துப் போட்டா முடிஞ்சுது."

"தெரியாம ஒருதரம் போட்டேன் சார். தெரிஞ்சு போடமாட்டேன்."

அவர் சண்டை போடவில்லை. கோப்பைப் பக்கத்து மேசைக்காரனுக்கு அனுப்பினார். அவன் மதியத்துக்குள் முடித்துவிட்டான். எஃகுக் குழாய் பிளந்து நடுவில் ஊதா ஒளி தகதகத்தது. கைதேர்ந்த வேலை, அதுவே அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. வாங்குபவர்களைக் காக்கும் அரசு அலுவலகத்துக்கு இரண்டு படங்களையும் இணைத்துப் புகார் எழுதினாள். "பெறப்பட்டது" என்று ஒருவரிப் பதில் வந்தது. படம் பேருந்துகளின் முதுகில் ஏறி ஊரெல்லாம் சுற்றியது.

அந்த மாதமே அவள் வேலையை விட்டாள். இப்போது தண்ணீர் பம்ப் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், மெக்கானிக்குகளுக்கான உதிரிபாகப் புத்தகத்துக்குப் படம் வரைகிறாள். அங்கேயும் பாகங்கள் மிதக்கத்தான் செய்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. இல்லாத பாகத்தை வரைந்தால், அதைக் கேட்டு வாங்க வந்த மெக்கானிக் அன்றைக்கே கழுத்தைப் பிடிப்பான்.

அக்கா இயந்திரத்தைத் தூக்கிப் போடுவாள் என்று நினைத்திருந்தாள். இரண்டு மாதம் கழித்துப் போனபோது அது சுவரில் பழைய இடத்திலேயே இருந்தது. மூடியைத் திறந்து பார்த்தால், உள்ளே கழுவிக்கூட இருக்கவில்லை.

"தண்ணி ருசியாத்தான் இருக்கு, நீ ஏன் அலட்டிக்கிற?" என்று அக்கா டம்ளரை நீட்டினாள்.

தங்கை அதை அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிட்டு, அடுப்பில் பாத்திரத்தை வைத்துக் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவிட்டாள்.