மஹ்ரூப் நானாவின் நானூற்றுப் பன்னிரண்டு பேர்

பாலாவிச் சந்தியில் உப்பு லொறி பிடித்துக் கொடுப்பவர் மஹ்ரூப் நானா. அவருக்குக் கோபம் வராது, அவசரம் மட்டும்தான் வரும். மகள் ஜுமானாவின் கலியாணத்துக்கு ஐந்து நாள் இருக்கையில் என் டைப்பிங் கடைக்கு வந்து போனை நீட்டினார்.

"ஹிதாயா தங்கச்சி, இதுக்குள்ள இருக்கிற எல்லாருக்கும் கலியாணக் காட் குடுக்கோணும். பேரெல்லாம் காட்ல ஒட்ட ஸ்டிக்கர்ல அடிச்சுத் தாங்க."

போனிலிருந்து தொடர்புகளை விகார்ட் என்ற ஒரே முகவரிக் கோப்பாக இறக்கினேன். நானூற்றுப் பன்னிரண்டு பேர். தமிழ்ப் பெயர்கள் எல்லாம் சமக்குறியும் இலக்கமுமாகக் கிடந்தன. அதை எழுத்தாக்கி, ஆளுக்கு ஒரு வரிசை, விவரத்துக்கு ஒரு நிரல் என்று அட்டவணையில் பிரித்தேன். இரண்டு நம்பர் வைத்திருந்தவர்களுக்கு இரண்டு நிரல். நம்பர் நிரல்களை எழுத்தாக வைக்காவிட்டால் முன்னால் உள்ள பூச்சியத்தை அட்டவணை விழுங்கிவிடும், அதையும் பார்த்துக்கொண்டேன். கெட்டிக்காரிதான் நான். பெயர் நிரலை அப்படியே ஸ்டிக்கரில் அடித்ததுதான் மடத்தனம்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் உம்மா மர்ளியா நுரைச்சோலையிலிருந்து நானாவைத் தேடி வந்தார். மண்டபம் சின்னது என்று ஏற்கெனவே ஒருமுறை கலியாணத்தையே நிறுத்தப் பார்த்த மனுஷி. முதல் தாளை எடுத்து உரக்க வாசித்தார்.

"பொய்க்கார நளீம். நொண்டி லொறி நளீம். இதென்ன பேர்?"

"நளீம் ஒம்பது பேர் இருக்காங்க மதினி," என்றார் நானா, முகம் வெளிறி. "அடையாளத்துக்குத்தான். பேருக்குக் கீழ கம்பெனி எண்டு ஒரு பெட்டி சும்மா கெடந்திச்சு, சொந்தப் பேர அதுக்குள்ள போட்டன்."

பார்த்தேன். உண்மைதான், கம்பெனி நிரலில் நானூற்றுப் பன்னிரண்டு ஒழுங்கான பெயர்கள். ஒரு நிரலை மாற்றினால் போதும். ஆனால் மர்ளியா கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

"என்ட நம்பரத் தேடுங்க."

நானா என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். நான் என்ன செய்ய? தேடினேன். பெயர் நிரலில், 'நுரைச்சோலை லவுட்ஸ்பீக்கர்'.

ஜுமானாவின் கலியாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். மர்ளியா விரலைத் திரையில் வைத்து வலப்பக்கமாக நகர்த்தினார். கடைசியில் குறிப்பு நிரல். சம்பந்தம் பேச வந்த நாட்களில் நானா விசாரித்து எழுதி வைத்தது.

'சத்தம் கூட. ஆனா மருமகளுக்குச் சோறு போட்டிட்டுத்தான் தான் தின்பா. மூத்த மருமகள் சொன்னது. நம்பிப் புள்ளயக் குடுக்கலாம்.'

அதை இரண்டு தரம் வாசித்தார்.

"மூத்தவ இப்பிடிச் சொன்னாளா?" என்று மெதுவாகக் கேட்டார். "ஏழு வருஷமா ஒரே வீட்டுல இருக்கிறா. என்னட்ட ஒரு வார்த்த சொல்லல்லயே."