ஐந்து வெள்ளி போனால் வீடு

ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில், ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்த திருநாவுக்கரசின் சம்பளம் அரிசிக்கே போதவில்லை. வேலை முடிந்தபின் கிடைத்த ஒரு மணி நேரத்தில் ராசா பசார் சந்தையில் சவுக்காரக் கட்டிகளை வாங்கி, அங்கேயே விலை ஏறியதும் விற்கத் துணிந்தார். முதலில் திட்டத்தை ஒரு தாளில் எழுதி மனைவி வள்ளிநாயகியிடம் கொடுத்தார்: நேற்றைய விலைக்குக் கீழே வந்தால்தான் வாங்குவது, கட்டிக்கு ஒரு வெள்ளி ஏறினால் விற்பது, அரை வெள்ளி இறங்கினாலும் விற்றுவிடுவது, ஒரு நாளில் ஐந்து வெள்ளி நட்டம் போனால் அன்றைக்கு நிறுத்திவிட்டு வீடு திரும்புவது.

ஒரு நாள் அந்த ஐந்தும் போனது. வீட்டுக்கு வந்தவர் பணப்பெட்டியின் சாவியைக் கேட்டார்.

"விலை இப்ப ஏறும் லா. இன்னும் பத்து வேணும். என் காசுக்கு நீ என்ன காவலா?"

வள்ளிநாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியில் இருந்தது அவள் சங்கிலியை விற்ற காசு. தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதை நிதானமா உட்காந்து எழுதுன மனுசன் வரட்டும். சாவிய அவருகிட்ட குடுக்குறேன்."