ஐந்தாவது கை

எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். நாங்கள் நான்கு பேர். சூளை இருபத்துநான்கு மணி நேரமும் எரியும். பண்டிகை என்று அதை அணைக்க முடியாது. பொங்கலன்று காலை ஷிப்டுக்கு நால்வரில் ஒருவர் வந்தே ஆக வேண்டும். யார் என்பதை நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று அதிகாரி விட்டுவிட்டார். நாங்கள் அதை ரம்மி ஆடி முடிவு செய்தோம்.

சாப்பாட்டு வேளையில் சோதனைக்கூடத்துக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் ஆட்டம் நடக்கும். இரண்டு கட்டுச் சீட்டு, ஆளுக்குப் பதின்மூன்று. ஒருவர் சேர்த்து இறக்கியதும் மற்றவர்கள் கையில் சேராத சீட்டுகளின் புள்ளியை எண்ணி அவரவர் கணக்கில் ஏற்றுவோம். கை மோசம் என்றால் ஆடாமலே கீழே வைத்துவிடலாம். அதற்கு ஸ்கூட் என்று பெயர், இருபது புள்ளி. முதலில் நூற்றொன்றைத் தொடுகிறவருக்குப் பொங்கல் டூட்டி.

அந்த வருடம் எங்களில் ஒருவனுக்குத் தலைப்பொங்கல். ஜெயங்கொண்டம் பக்கத்துக்காரன். மனைவி ஒரு வாரம் முன்பே பெரம்பலூரில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை வராத தலைப்பொங்கல் என்றால் ஊரே பேசும். எனவே அவன் ஜெயிக்க வேண்டும் என்றுதான் எல்லோருமே நினைத்தோம். எங்களில் நன்றாக ஆடுகிறவனும் அவன்தான். கீழே விழுந்த சீட்டெல்லாம் அவனுக்கு நினைவிருக்கும். “கிளாவர் ஏழு ரெண்டும் போயிடுச்சு, இனிமே அதுக்குக் காத்திருக்காதே” என்று எங்களுக்கே சொல்லித் தருவான்.

அன்று அவனுக்குச் சீட்டே வரவில்லை. முதல் மூன்று கையும் ஸ்கூட். நான்காவதை ஆடிப் பார்த்தான், இருபத்தெட்டு ஏறியது. மொத்தம் எண்பத்தெட்டு. மற்ற மூவரும் ஐம்பதுக்குக் கீழே இருந்தோம். இனி ஸ்கூட் செய்யவும் வழியில்லை, செய்தால் நூற்றெட்டு.

எங்களில் மூத்தவரை அண்ணே என்போம். பிள்ளைகள் வளர்ந்தவர், குவார்ட்டர்ஸிலேயே இருப்பவர். அடுத்த கை போடுவதற்கு முன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவனிடம் ஒரு பேரம் சொன்னார். இதோடு ஆட்டத்தை நிறுத்திக்கொள்ளலாம், பொங்கல் டூட்டியை அவரே பார்ப்பார், பதிலுக்குத் தை மாதத்தில் அவருடைய இரண்டு ஞாயிற்றுக்கிழமை டூட்டிகளை அவன் பார்க்க வேண்டும். நியாயமான பேரம். ஒத்துக்கொள் என்று நானும் சொன்னேன்.

அவன் சிரித்தான். “நாலு கை செத்த கை வந்துருக்குண்ணே. அஞ்சாவது நல்ல கையா வந்துதானே ஆகணும்? சும்மா கிடைக்கப்போறதுக்கு ரெண்டு ஞாயித்துக்கெழம குடுப்பனா? போடுங்க.”

“கலைச்சுட்டேன்டா. கலைச்ச சீட்டுக்கு நாலு கை வந்ததெல்லாம் எப்படித் தெரியும்?” என்றார் அண்ணன்.

“போடுங்கண்ணே.”

போட்டார். அவன் சீட்டுகளை விரித்துப் பார்த்தபோது முகம் மலர்ந்தது. ஒரு ஜோக்கர் இருந்தது. பாத்தீங்களா என்பதுபோல் என்னைப் பார்த்தான். ஆனால் ஜோக்கர் இல்லாமல் வரிசையாக மூன்று சீட்டு சேர்ந்தால்தான் மற்றது எதுவும் செல்லும், அது சேரவில்லை. நல்ல கையும் இல்லை, செத்த கையும் இல்லை. எப்போதும் வருகிற சாதாரணக் கை. ஆறேழு சுற்றுக்குள் நான்காமவன் சேர்த்து இறக்கிவிட்டான். எண்ணாமலே நூற்றொன்றைத் தாண்டியது தெரிந்தது, இவன் தன் சீட்டைக் கவிழ்த்து வைத்தான். அண்ணன் முந்தைய பேரத்தையே மறுபடி சொன்னார். தோற்ற பிறகு அதை வாங்கிக்கொள்ள அவனுக்கு மனமில்லை.

நடந்ததை மனைவிக்குக் கடிதத்தில் எழுதிவிட்டு, பொங்கலன்று காலை ஆறு மணிக்கு அவன்தான் வந்தான். மத்தியானம் ஷிப்டு முடித்து அவன் குவார்ட்டர்ஸுக்குப் போனபோது வாசலில் மனைவியும் மச்சானும் இருந்தார்கள். பெரம்பலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, வெண்கலப்பானையும் கரும்புமாக வந்திருந்தார்கள். நான் எதிர்வீடு. அவள் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியதைப் பார்த்தேன். அவன் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினான். அவள் நிமிராமலே சொன்னாள்: “சூளை ரிப்பேருன்னுதான் அம்மாகிட்ட சொல்லிருக்கேன். சீட்டுன்னு சொல்லல. நீங்களும் சொல்லிராதீங்க.” பொங்கல் பொங்கியபோது மணி மூன்று தாண்டியிருந்தது.

அதற்கப்புறமும் தன் கணக்கு தப்பு என்று அவன் ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல கை வந்துகொண்டுதான் இருந்தது, ஒரு கை தள்ளிப்போய்விட்டது என்றான். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. சோதனைக்கூடத்து ஆள் இப்படி ஏன் நினைக்கிறான் என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்க, சோதனைக்கூடத்து ஆள் என்பதால்தான் நினைக்கிறான் என்று பட்டது. அடுத்தடுத்து நான்கு சாம்பிளில் சுண்ணாம்பு கூடுதலாக இருந்தால் நாங்கள் கலவையை மாற்றச் சொல்வோம், அடுத்த சாம்பிள் சரியாக வரும். அங்கே திருத்துவதற்கு ஆள் இருக்கிறது. சீட்டுக்கட்டில் யார் இருந்து திருத்துவது? ஒரே கை நடக்கும்போது போன சீட்டு போனதுதான், அதை நினைவில் வைப்பது கெட்டிக்காரத்தனம். அடுத்த கைக்கு எல்லாச் சீட்டையும் திரும்பச் சேர்த்துக் கலைத்தபின் அந்த நினைவு அவன் தலையில் மட்டும்தான் இருந்தது, கட்டில் இல்லை.

இதை அவனிடம் சொன்னேன். வெறும் சொல்லை நம்ப மாட்டேன், சோதித்துப் பார்த்துவிடலாம் என்றான். எது நல்ல கை என்பதை முதலிலேயே பேசிக்கொண்டோம்: பிரித்துப் பார்த்ததும் ஜோக்கர் இல்லாத வரிசை ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செத்த கை என்றே கணக்கு. யாருக்காவது தொடர்ந்து மூன்று செத்த கை வந்தால், அதற்கடுத்த கை எப்படி என்று ஷெட் சுவரில் ஒரு பக்கம் சாக்பீஸால் கோடு போடுவோம். மற்றக் கைகளுக்கு இன்னொரு பக்கம். மாசியும் பங்குனியும் போயின. இரண்டு பக்கமும் நல்ல கையின் பங்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மூன்று செத்த கைக்குப் பின்னால் நல்லதும் வந்தது, நான்காவது செத்ததும் வந்தது.

அவன் கோடுகளை மறுபடி ஒருமுறை எண்ணினான். “அப்ப கடைசில எல்லாம் சமமாவுதுன்னு சொல்றது பொய்யா?” என்று கேட்டான். பொய்யில்லை என்றேன். நிறைய கை ஆடினால் எல்லோருக்கும் நல்ல கையின் பங்கு சமத்துக்குக் கிட்டே வரும். அதற்காகக் கெட்ட கைகளை யாரும் ஈடு கட்டுவதில்லை. பின்னால் வரும் நூற்றுக்கணக்கான கைகளுக்கு நடுவே அந்த நான்கும் சின்னதாகிவிடும், அவ்வளவுதான்.

“ஈடு கட்ட மாட்டாங்களா” என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டான். அதில் வருத்தம் இருந்தது. யாரோ ஒருவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நம்புவது ஒரு ஆறுதல். அதை நான் பிடுங்கிக்கொண்டதுபோல் இருந்தது.

சில வருடங்களில் அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். மூன்றாவது பெற்றுக்கொண்டால் கட்டாயம் பையன்தான் என்று அவன் அம்மா ஊரிலிருந்து வந்து உட்கார்ந்துகொண்டார். ரெண்டும் பொண்ணாப் போச்சு, இனி மாறித்தானே ஆகணும் என்று அந்த அம்மா சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். அவன் அதட்டவில்லை. “அப்படி மாறாதும்மா. ஒவ்வொண்ணும் புதுசுதான்” என்றான். அந்த ஆனியில் மனைவியோடு அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போய், இரண்டோடு போதும் என்று ஆபரேஷன் செய்துகொண்டு வந்தார்கள். அவனுடைய அம்மா ரொம்ப நாள் அவனோடு பேசவில்லை. பெரியவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது பேத்தியைப் பார்க்க அவரே வந்தார்.

ஆட்டத்தை அவன் விடவில்லை. ஒருநாள் அவனுக்கு வரிசையாக நான்கு மோசமான கை வந்தது. ஐந்தாவது கை போடும்போது, கடைசிச் சீட்டு விழுவதற்குள் அவசரமாக அள்ளி எடுத்தான். நான் பார்ப்பதைக் கவனித்து, “தெரியும்பா” என்றான். “தெரிஞ்சும் கை முந்துது.” பிரித்துப் பார்த்து, கீழே வைத்தான். ஸ்கூட்.