லாபத்தில் இருந்தவனின் மனைவி

ஆடிட்டர் என்னைவிட இளையவர். தல்லாகுளத்தில் அவர் அலுவலகத்தில் உட்காரச் சொல்லி, "அண்ணே, லாபம் நல்லா வந்திருக்கு. முன்கூட்டியே வரி கட்டிரணும்" என்றார்.

"கட்டுறேன். அந்த லாபம் எங்க இருக்குன்னு மட்டும் காட்டுங்க தம்பி" என்றேன். அவர் சிரித்தார். எனக்கு எரிந்தது.

எங்களுடையது அட்டைப்பெட்டி செய்யும் சின்னக் கம்பெனி. மில்லுக்குக் காசு போனால்தான் காகித லோடு இறங்கும். சனிக்கிழமை கூலி நிற்காது. பெட்டியை வாங்கும் ஊறுகாய்க் கம்பெனியோ மூன்று மாதம் கழித்துத்தான் தரும். அவர்கள் தராத பணத்துக்கும் அடுத்த மாதமே ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும். இந்த இடைவெளிக்குத்தான் வங்கியில் ஓவர்டிராஃப்ட், கணக்கில் இல்லாத பணத்தையும் ஒரு லிமிட் வரைக்கும் எடுத்துக்கொள்ளும் கடன். அதுவும் போதாமல் மனைவியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயிருந்தன. புதன்கிழமை அவள் தங்கைக்குக் கல்யாணம். அதற்குள் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை கொட்டாம்பட்டிப் பக்கம் இருந்த ஊறுகாய்க் கம்பெனிக்கே போய்விட்டேன். முதலாளி காபி கொடுத்தார். "இன்னைக்கு வெள்ளிக்கிழமை, காசு வெளிய போகக்கூடாதுண்ணே. திங்கக்கிழமை போட்டு விடுறேன்" என்றார். சண்டை போடவும் வாயில்லை. டீக்கடைக்காரரிடம் வெள்ளிதோறும் இதையேதான் நானும் சொல்கிறேன்.

சொன்னபடியே திங்கட்கிழமை பணம் ஏறியது. கூடவே போன் வந்தது.

"அண்ணே, இனிமே மாசம் ரெண்டு மடங்கு பெட்டி வேணும். முடியாதுன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்."

இரண்டு மடங்கு பெட்டிக்கு இரண்டு மடங்கு காகிதம் இப்போதே வேண்டும். அதற்கான காசு மூன்று மாதம் கழித்து. வளர வளரத்தான் குழி பெரிதாகிறது. ஆனாலும் வேண்டாமென்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

காளவாசல் வங்கிக்கு ஓடினேன். "ஊறுகாய்க் கம்பெனி பழைய பில்லுக்குக் காசு வராம மூணு மாசம் தாண்டிருச்சுன்னு உங்க லிமிட்டக் குறைச்சிருந்தோம் சார். அதுக்கு மேல நீங்க எடுத்திருந்ததுக்கே வந்த பணத்துல பாதி சரியாயிருச்சு" என்றார் மேனேஜர். லிமிட்டைக் கூட்டித் தரக் கேட்டேன். இன்னொரு சொத்துப் பத்திரம் கேட்டார். என்னிடம் ஏது? மீதிப் பணத்தை மில்லுக்கு அனுப்பினேன்.

வளையலை இப்போது மீட்க முடியாதென்று மனைவியிடம் சொன்னபோது அவள் கத்தவில்லை. "லாபம் வருதுன்னுதானேங்க சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

கல்யாணத்துக்குக் கண்ணாடி வளையலோடு வந்தாள். பந்தியில் அவளுடைய அத்தை, "ஒன் வீட்டுக்காரருக்குத் தொழில் எப்படித்தா போகுது?" என்று விசாரித்தார்.

"ஆர்டர் ரெண்டு மடங்காயிருச்சு அத்தை" என்றாள். சொல்லிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், கழுத்துச் சங்கிலியைச் சேலைக்குள் தள்ளி மறைத்துக்கொண்டாள்.